ஏறின பஸ் இறங்கவில்லை

ஒஸ்லோவின் ஒரு கரையில், ஹவுகன்ஸ்டுவாவில், எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் சின்னராசா அண்ணையைப்போல ஒரு நல்ல மனுசனைக் காண்பது கஷ்டம். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். மிச்சத்தைக் கேட்டுவிட்டு, தவமணிக்கு வாய் கூடிப்போச்சு என்று ஒருவரும் என்னைப் பேசக்கூடாது. லிப்ட் பழுதென்றால் என்னுடைய அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர் அவர்தான். கோயிலில் அன்னதானம் முடிந்தால் கிடாரம் கழுவ முதல் ஆளாய் நிற்பார். குடி கிடையாது, சூது கிடையாது. ஒரேயொரு வியாதிதான் இருந்தது. பெண்சாதி புஷ்பமலர் யாரையாவது பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு மனுசனுக்குச் சோறு இறங்காது.

அந்த வியாதி காரோடு வந்தது என்பது என் கணக்கு. அண்ணை நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே கடலோர ஊரொன்றில் மீன் வெட்டினார். அங்கே சேர்த்த காசைக் கொண்டு ஒஸ்லோவுக்கு வந்து, வீட்டுக்குக் கட்டில் வாங்குவதற்கு முன்னமே கார் வாங்கினார். புஷ்பமலர் கலியாணத்துக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் அந்தக் காரோடுதான் போய் நின்றார். அன்றைக்கு முன் சீட்டில் ஏறியவள், இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அந்தச் சீட்டை விட்டு இறங்கவில்லை. அண்ணைக்கு பேக்கரியில் விடியற்காலை வேலை, காலை இடைவேளையில் ஓடிவந்து அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். மத்தியானத்தோடு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, பின்னேரம் அவளை ஏற்றிவரப் போய்விடுவார். மழையோ பனியோ, மேட்டில் அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு எதிரே, வீதியின் மறுகரையில், வீட்டுப் பக்கம் முகம் வைத்தபடி கார் நிற்கும். அவள் வீதியைக் கடந்து வந்து கதவைத் திறக்க வேண்டியதுதான்.

என் மனுசன் இருக்கிறாரே, நான் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் தேடுவார். அதனால் உள்ளதைச் சொன்னால், புஷ்பமலரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒருத்தன் காத்துக்கொண்டு நிற்க நாங்கள் என்ன தவம் செய்யவேண்டும் என்று நினைப்பேன். ஒருநாள் அவளிடமே சொன்னேன்.

"அக்கா, ஒரு நாளைக்கு நீங்கள் வந்து முன் சீட்டிலை இருங்கோ. பிறகு கதைப்பம்," என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

போன வருசம் அண்ணையின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. எதிரே வரும் காரின் வெளிச்சம் சிதறித் தெரிகிறது என்று வைத்தியரிடம் போனார். ஒப்பரேஷன் முடிந்து பார்வை தேறும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள், முறை வரக் காத்திருக்கவேண்டும். கார் பேஸ்மெண்டில் படுத்தது. அண்ணை நடந்து போய் பேக்கரி வேலையைப் பார்த்துக்கொண்டார். புஷ்பமலர் வாழ்க்கையில் முதல் தடவையாக வேலைக்குத் தனியே புறப்பட்டாள். நகரத்துக்கு ரயில், அங்கிருந்து மேட்டுக்கு பஸ்.

முதல் நாள் பின்னேரம் அழுதழுது எனக்கு போன் பண்ணினாள். "அக்கா, பஸ்ஸே வருகுதில்லை. ஒரு மணித்தியாலமா நிக்கிறன்."

எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். காலையில் இறங்கின இடத்துக்கு எதிர்க்கரையில் நிற்கிறேன், கார் நிற்கிற இடத்தில், என்றாள். அவளைப் பிழை சொல்ல முடியாது. போகிறபோது ஒரு கரை, வருகிறபோது எதிர்க்கரை. உலகம் அப்படித்தானே. நானும் சரியான இடத்தில்தான் நிற்கிறாய், பொறு, என்றேன்.

பிறகு அவளே வீடு வந்து சேர்ந்து நடந்ததைச் சொன்னாள். மேலேறிப்போன பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு தமிழ்ப் பொடியன், இவளைக் கண்டு வீதியைக் கடந்து வந்தானாம். "அக்கா, இங்க பஸ் வராது. இறங்குன ஸ்டாப்லயே ஏறிக்கிங்க" என்றானாம். இந்தியாக்காரன், இளமாறன் என்று பேர், ஏதோ கம்பியூட்டர் வேலை. விசயம் இதுதான். அந்த மேட்டு வீதி மேலே போகப் போக ஒடுங்கி ஒரு வளைவு வளையும். நீளப் பஸ் இரண்டு அந்த வளைவில் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். பனிக்காலத்தில் வீதியின் கரையெல்லாம் பனிக் குவியல், அதை நினைத்துப் பார்க்கவே ஏலாது. உச்சியிலும் நின்ற இடத்திலேயே நீளப் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. அதனால் பஸ் இந்த வீதியால் ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, பின்பக்க வீதியால் இறங்கும். அடிவாரத்தில் கடையடியில் பழைய பாதையோடு சேரும். ஒரு சுற்று. முதியோர் இல்லத்தடியில் பஸ் ஏறும்போது மட்டும்தான் வரும், இறங்கும்போது வரவே வராது. நகரத்துக்குப் போகிறவளும் காலையில் இறங்கின அதே பஸ் கம்பத்தடியில் நின்று, மேலே போகிற பஸ்ஸில் ஏறி, சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அல்லது இல்லத்துக்குப் பக்கத்தால் போகும் படிக்கட்டில் இறங்கி, பின்பக்க வீதியில் உள்ள தரிப்பிடத்தில் பிடிக்கவேண்டும். கார்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. கார் அந்த வீதியால் ஏறும், அதே வீதியால் இறங்கும். அதனால்தான் சின்னராசா அண்ணைக்கு இத்தனை வருசமும் இது தெரியாது.

புஷ்பமலர் இதை அண்ணைக்கும் சொல்லியிருக்கிறாள். சொன்ன விதம்தான் பிழைத்துப்போச்சு. "இளமாறன் எண்டு ஒரு தம்பி, நல்ல பொடியன், அவர்தான் எனக்கு இடம் காட்டினவர்" என்று தொடங்கியிருக்கிறாள். மனுசனுக்கு இளமாறன் என்ற பேரோடு காது அடைத்துவிட்டது. பஸ் ஏறுகிறது, சுற்றுகிறது, இறங்குகிறது என்று அவள் சொன்ன மிச்சம் ஒன்றும் உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே விசாரணைதான். ஏன் இண்டைக்குச் சுணங்கினது. யார் யார் பஸ்ஸிலை வந்தது. அந்தப் பொடியன் எவ்வளவு உயரம். புஷ்பமலர் முதலில் பதில் சொன்னாள், பிறகு சிரித்தாள், பிறகு சிரிப்பதையும் விட்டாள். ஆனால் ஒன்றை நானும் கவனித்தேன். பஸ்ஸில் போகத் தொடங்கியபின் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அந்தத் தெளிச்சிதான் அண்ணையைக் கொன்றது. லிப்டில் என்னைக் கண்டால், "தவமணி, இவள் பாட்டெல்லாம் முணுமுணுக்கிறாள். காரிலை வரேக்கை ஒரு நாளும் பாடினவளில்லை," என்பார்.

"நீங்கள் ரேடியோவை நிப்பாட்டினாத்தானே அண்ணை அவள் பாடுறதுக்கு," என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் கண் ஒப்பரேஷன் முடிந்திருந்தது, மற்றக் கண் மிச்சம். அன்றைக்கு நானும் புஷ்பமலரும் நகரத்தில் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் சந்தித்துக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குவதாகப் பேச்சு. அவள் வேலை முடிந்து பஸ்ஸடிக்கு வரும்போதே எனக்கு போன் எடுத்துவிட்டாள். காதுக்குள் செருகின கருவியில் கதைத்தபடியே பஸ்ஸில் ஏறினாள். அண்ணை கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்தை மூக்குக்குள் விட்ட கதையைச் சொல்ல, எனக்கும் சிரிப்பு, அவளுக்கும் சிரிப்பு.

அந்த நேரத்தில் மனுசன் அங்கேதான் நின்றிருக்கிறார். அவளை ஏற்றிவர வந்தேன் என்று இன்றைக்கும் சொல்வார், ஏற்றிவர வாகனம் எங்கே என்று கேட்டால் கதையை மாற்றுவார். உளவு பார்க்கத்தான் வந்தார். மேலேறும் பஸ்ஸில் வந்து இறங்கி, வீதியைக் கடந்து, தன் கார் வழமையாக நிற்கும் இடத்தில், ஒரு வானுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவள் வேலை முடிந்து வருவாள், வீட்டுக்குப் போகிறவள் எதிர்க்கரைக்கு, தன் பக்கத்துக்குத்தானே வரவேண்டும் என்று காத்திருந்தார். அவள் வீதியைக் கடக்காமல் இல்லத்தடிக் கம்பத்தோடேயே நின்றாள். மேலே போகிற பஸ் வந்தது. அதிலிருந்து முதுகில் பையோடு ஒரு பொடியன் இறங்கினான், அவளைக் கண்டு கையாட்டினான், அவள் வாய் நிறையச் சிரித்தபடி ஏறினாள். வெளிச்சமான கண்ணாடிக்குள்ளே போய் இருந்தும் சிரித்தாள். ஒரு கண்ணால் மட்டுமே தெளிவாகப் பார்க்கிறவருக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பல்லும் பிசகாமல் தெரிந்தது. பஸ் மேலே போனது. வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில்.

இறங்கிய பொடியன் வீதியைக் கடந்து அண்ணையிடமே வந்தான். "அங்கிள், பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? இந்தப் பக்கம் வராதே."

தமிழைக் கேட்டதும் அண்ணைக்கு விளங்கிவிட்டது. "நீர்தானே இளமாறன்?"

"ஆமா அங்கிள். எப்படித் தெரியும்?"

"நீர் இருக்கிறது எங்கை?"

"மேல, கடைசி ஸ்டாப்ல. பாப்பாவ பர்னஹாகேல, நர்சரி ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போகணும், அதான் இங்க இறங்குனேன். அங்கிள், நீங்க டவுனுக்குன்னா அந்தப் பக்கம் நில்லுங்க, பஸ் மேல போய் சுத்திட்டுதான் இறங்கும்."

உண்மையை அதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்ல முடியாது. ஆனால் சொன்ன வாய் அந்த வாய். மேலே இவன் வீடு, மேலே அவள் போனாள். என்னை மற்றக் கரைக்கு அனுப்பிவிட்டு, என் கண்ணில் படாமல் அவளை இந்தக் கரையால் கீழே இறக்கப் பார்க்கிறான் என்று அண்ணை நினைத்தார். "எனக்கு இந்த ரோட் இருவத்தைஞ்சு வருசமாத் தெரியும், தம்பி. நீர் போம்," என்றார்.

பொடியன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கம்பத்தடியில் நின்றான். அடுத்த பஸ் வந்தபோது அங்கிருந்து, "அங்கிள், வாங்க" என்று கூப்பிட்டுமிருக்கிறான். பிள்ளையும் கை காட்டியதாம். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழை தொடங்கியது. மேலே போன பஸ் எப்படியும் இந்த வீதியால் இறங்கத்தானே வேண்டும், இறங்குகிறபோது கையோடு பிடிப்பேன், அவள் அதில் இருக்கிறாளா இல்லையா என்று பார்ப்பேன் என்று நின்றார். இன்னொரு பஸ் ஏறியது. ஒன்றும் இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவருடைய கண்ணுக்கு வெறும் வீதியே பேயாகத் தெரிந்தது. கடைசியில் போன் எடுத்தார்.

அந்த நேரம் நாங்கள் குறொன்லாண்டில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தோம். புஷ்பமலர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கை நிக்கிறீர்?"

"குறொன்லாண்டிலை, தவமணி அக்காவோடை."

"பொய் சொல்லாதையும். நீர் மேலை போனதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். மூண்டு பஸ் ஏறினது, ஒண்டும் இறங்கேல்லை. அவன்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்னோடை கதைக்கிறீர்."

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணை, நான் தவமணி. அவள் என்னோடைதான் நிக்கிறாள். அவள் பஸ்ஸுக்குள்ளை சிரிச்சதும் என்னோடைதான். அதுவும் உங்கடை மூக்கை நினைச்சுத்தான்."

போனுக்குள் மழை இரைந்தது.

புஷ்பமலர் கையில் இருந்த முருங்கைக்காயைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நிண்ட இடத்திலையே நில்லுங்கோ. வாறன்," என்றாள், போனை வைத்தாள். வாக்குவாதப்படாமல் வீட்டுக்குப் போடி, விசர் மனுசன் நனையட்டும் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. சரி, நானும் போனேன். நடக்கப்போவதைப் பார்க்காமல் வீட்டில் போய் எப்படி இருக்கிறது?

பஸ் மேட்டில் ஏறி இல்லத்தடிக்கு வந்தபோது அண்ணை எதிர்க்கரையில் தெப்பமாக நனைந்து நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது. புஷ்பமலர் முன்கதவில் நின்று, சாரதியிடம் ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லி நொஷ்கில், அதுதான் நோர்வே மொழியில், கேட்டாள். அண்ணை இருக்கும்போது அவள் நொஷ்க் பேசி நான் கேட்டதில்லை, அவர்தான் எல்லா இடத்திலும் பேசுவார். பிறகு வெளியே தலையை நீட்டி, "இஞ்சாலை வாங்கோ. வீட்டுக்குப் போற பஸ் இதுதான்," என்றாள்.

அண்ணை பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தார். அதில் உச்சித் தரிப்பிடத்தின் பேர்தான் போட்டிருந்தது. அவளைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்கு ஒரு தடுமாற்றம். பிறகு வீதியைக் கடந்து வந்து ஏறினார்.

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நான் பின் சீட்டில். காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன முனிவரா? பஸ் வளைவைத் தாண்டி ஏறி உச்சிக்கு வந்தது. சாரதி எஞ்சினை நிறுத்தினார். புறப்படுகிற நேரம் வரும்வரை அங்கே நிற்கவேண்டும். அவர் இறங்கி மழை ஒதுக்கில் காலாற நடந்தார். பஸ்ஸுக்குள் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே நகரம் முழுவதும் விளக்கும், அதற்கு அப்பால் கறுத்த கடலும், அதில் மெல்லப் போகும் ஒரு கப்பலும் தெரிந்தன.

"பாருங்கோ," என்றாள் புஷ்பமலர். "இதுதான் இளமாறன் வீடு. இஞ்சைதான் நான் ஒவ்வொரு நாளும் வந்து இருக்கிறனான்."

அண்ணை பார்த்தார். ஒரு கண்ணில் தெளிவாகவும் மற்றதில் மங்கலாகவும் என்னத்தைப் பார்த்தாரோ.

"படியாலை இறங்கிப் போனா பின்ரோட்டிலை முந்தின பஸ்ஸைப் பிடிக்கலாம். வெள்ளன வீட்டை வரலாம். நான் அப்பிடிப் போறேல்லை," என்றாள் அவள். "இதிலை கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப ஏன் எனக்கு இந்த இடத்தைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, கண் சரிவந்த அண்டைக்கே காரிலை கொண்டுவந்து காட்டியிருப்பியள்."

உண்மையாகவே கொண்டுவந்து காட்டியிருப்பார். கார் கண்ணாடியைத் துடைத்து, இதைப் பாரும், அதைப் பாரும் என்று சொல்லி, தானே காட்டுவதுபோலக் காட்டியிருப்பார். சாரதி ஏறினார், பஸ் பின்பக்க வீதியால் இறங்கியது. அடிவாரத்துக் கடையடியில் இரண்டு பாதையும் சேர்ந்தபோது அண்ணை திரும்பித் தான் நனைந்து நின்ற மேட்டைப் பார்த்தார். பொடியனில் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது, உண்மை. ஆனால் பொறாமை போகவில்லை. அது அந்த பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டது. பொடியனென்றால் முகத்துக்கு நேரே இரண்டு வார்த்தை கேட்கலாம். பஸ்ஸை என்ன கேட்பது?

மார்கழியில் மற்றக் கண்ணும் முடிந்தது. தைமாதம் வைத்தியர் பார்த்துவிட்டுக் காரை ஓடலாம் என்றார். அண்ணை காரைக் கழுவி, முன் சீட்டுக்குப் புது உறை போட்டார். அன்று பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருக்க புஷ்பமலரின் போன் வந்தது. பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"எடி, இண்டைக்குக் கார் வரேல்லையோ?" என்றேன்.

"வந்தது அக்கா. பழைய இடத்திலைதான் நிண்டது. நான் கையைக் காட்டிப்போட்டு இஞ்சாலை வந்து பஸ்ஸிலை ஏறீட்டன்."

"ஐயோ பாவி. மனுசன் என்ன செய்யுது?"

"பின்னாலை வாறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கடைசிச் சீட்டிலை இருக்கிறன், கண்ணாடியாலை தெரியுது. பஸ் ஏற அவரும் ஏறினவர். மேலை பஸ் நிண்டது, அவரும் லைட்டை நூத்துப்போட்டு ரோட்டுக்கரையிலை நிண்டவர். நானும் கடலைப் பார்த்தன், அவரும் பார்த்தவர். இப்ப இறங்கிறம். பின்ரோட்டாலை அவரும் வாறார்."

எனக்கு அடுப்பில் கறி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. என் மனுசன் மண்டபத்தில் டிவிக்கு முன்னால் இருந்தார், அவரைப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. "அடுத்த தரிப்பிலை இறங்கிக் காரிலை ஏறனடி," என்றேன். "பார்க்கப் பாவமா இருக்கு."

"இல்லை அக்கா," என்றாள் புஷ்பமலர். "வரட்டும். அவருக்குப் பாதை இப்பத்தான் பிடிபட்டிருக்கு."